கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையையும் லிங்க்ஸ் கணக்கையும் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

"கல்குளம் தாலுகாவில் 8 சென்ட் இடம் ஒன்றை வாங்க அண்ணன் விரும்புகிறார். அவர் கனடாக் குடியுரிமை பெற்றவர். ஓசிஐ அட்டை இருக்கிறது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. விற்பவர் 2004-இல் தான் வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகலைத் தந்திருக்கிறார். அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் பொறுப்பு என்னுடையது. சர்வே எண்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன, எல்லைகள் தலைகீழாகத் தோன்றுகின்றன, அளவு சென்டிலும் ஏரிலும் லிங்க்ஸிலும் இருக்கிறது. எதை எப்படி எழுதுவது?"

பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். கடைசியில் இருக்கும் சொத்து விவரத்திலிருந்து தொடங்குங்கள். "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" போன்ற வாசகங்கள் எல்லாப் பத்திரங்களிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் ஒரு சொல் முன்பின்னாக வந்தாலும் அண்ணனுக்கு நிலம் மாறிப்போகாது. சொத்து விவரத்தில் ஒரு வேற்றுமை உருபு பிசகினால் நிலம் மாறிப்போகும்.

உங்கள் பத்திரத்தை நான் பார்க்கவில்லை. அதனால் குமரி மாவட்டப் பத்திரங்களில் வழக்கமாக வரும் நடையில் ஒரு விவரத்தை எழுதி, அதை வைத்தே சொல்கிறேன். பெயரும் எண்ணும் நான் இட்டவை.

"கல்குளம் தாலுகா, மேற்படி கிராமம், பழைய சர்வே 2145, ரீசர்வே 318/7-இல் 23 சென்டில் கிழபுறம் 8 சென்ட் (3.24 ஏர்). இதற்கு நான்கெல்லை: எனக்குப் பாக்கி நிற்கும் நிலத்துக்குக் கிழக்கு, 10 லிங்க்ஸ் பொதுப்பாதைக்கு மேற்கு, செல்லப்பன் விளைக்கு வடக்கு, தோட்டுக்குத் தெற்கு. இதற்குட்பட்ட கிழமேல் வடபுறம் 104 லிங்க்ஸ், தென்புறம் 96 லிங்க்ஸ், தென்வடல் இருபுறமும் 80 லிங்க்ஸ்."

எல்லையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். "செல்லப்பன் விளைக்கு வடக்கு" என்றால் விற்கப்படும் இடம் செல்லப்பன் விளைக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் செல்லப்பன் விளை இந்த இடத்துக்குத் தெற்கு எல்லை. அவசரமாக மொழிபெயர்ப்பவர் "வடக்கு" என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஆங்கிலத்தில் "நார்த்" என்று எழுதி, எதிரே செல்லப்பன் பெயரைப் போட்டுவிடுவார். இப்படி நான்கு எல்லையையும் எழுதினால் நான்கும் நேர் எதிராகத் திரும்பிவிடும். கிழக்கே இருக்கும் பாதை மேற்கே போய்விடும், வடக்கே ஓடும் நீர் தெற்கே ஓடும். நான்கும் ஒருசேரத் திரும்புவதால் படிப்பவருக்கு முரண்பாடு எதுவும் தெரியாது. கனடாவில் உட்கார்ந்துகொண்டு வரைபடத்தில் இடத்தைத் தேடும்போதுதான் எதுவும் பொருந்தவில்லை என்று திகைப்பார்கள்.

இன்னொரு நடையும் உண்டு. "கிழக்கு: பொதுப்பாதை, மேற்கு: பாக்கி நிலம்" என்று வரிசையாக எழுதுவார்கள், "கிழக்கில்" என்றும் எழுதுவார்கள். அங்கே பாதை கிழக்கே இருக்கிறது என்று நேராகவே கொள்ள வேண்டும். எந்த நடை என்பதைக் காட்டுவது "க்கு" என்ற உருபுதான். பொருளின் பெயரோடு அது ஒட்டியிருந்தால், திசைச்சொல் நம் இடம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒட்டவில்லை என்றால், பக்கத்து நிலம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒரே பத்திரத்தில் இரண்டு நடையும் கலந்து வருவதும் உண்டு. முன்பத்திரத்திலிருந்து மூன்று எல்லைகளை அப்படியே எடுத்தெழுதி, நான்காவதைப் புதிதாகச் சேர்க்கும்போது இது நேர்கிறது. ஆகவே ஒவ்வோர் எல்லையையும் தனித்தனியே உருபைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செய்த முடிவு சரியா என்று பார்க்க விவரத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 23 சென்டில் "கிழபுறம்" 8 சென்ட் விற்கப்படுகிறது. அப்படியானால் மீதி 15 சென்ட் மேற்கேதான் இருக்க முடியும். "பாக்கி நிற்கும் நிலத்துக்குக் கிழக்கு" என்பதை நாம் மேற்கு எல்லை என்று கொண்டோம், பொருந்துகிறது. கிழக்கு எல்லை என்று எழுதியிருந்தால் இங்கேயே இடித்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் வடக்கை மேலே வைத்து ஒரு கட்டம் போட்டு, நான்கு பக்கத்திலும் பெயர்களை எழுதிப் பாருங்கள். பிறகு eservices.tn.gov.in தளத்தில் அந்த ரீசர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்து, பாதையும் நீரோடையும் எந்தப் பக்கம் வருகின்றன என்று ஒப்பிடுங்கள். உட்பிரிவு ஆகாத 8 சென்டைப் புலப்படம் தனியாகக் காட்டாது, முழு 318/7-ஐத்தான் காட்டும். திசையைச் சரிபார்க்க அது போதும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது பத்திரத்தின் வாசகத்தை முதலில் அப்படியே கொடுங்கள்: "லையிங் டு த நார்த் ஆஃப் செல்லப்பன்ஸ் விளை". அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக, "அதாவது தெற்கு எல்லை" என்ற பொருளில் எழுதுங்கள். வழக்கறிஞருக்கு முதல் வரி வேண்டும். அண்ணிக்கு இரண்டாவது வரி வேண்டும். இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால், எது பத்திரம் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

"எனக்கு" என்ற சொல்லில் நின்று யோசியுங்கள். உங்கள் கையில் இருப்பது 2004-இல் எழுதப்பட்ட பத்திரம். அதில் "எனக்குப் பாக்கி நிற்கும் நிலம்" என்று பேசுபவர், அன்று விற்றவர். இன்று உங்கள் அண்ணனுக்கு விற்க வருபவர் அன்று வாங்கியவர். மொழிபெயர்ப்பில் பொத்தாம்பொதுவாக "விற்பவரின் மீதி நிலம்" என்று வந்தால், இன்றைய விற்பனையாளருக்கே பக்கத்தில் இன்னும் 15 சென்ட் இருப்பதாக அண்ணன் நினைத்துக்கொள்வார். அதையும் சேர்த்துக் கேட்கலாமே என்று ஆசையும் படுவார். "2004 ஆம் ஆண்டுப் பத்திரத்தில் விற்றவரின் மீதி நிலம்" என்று குறிப்பில் தெளிவாக்குங்கள். செல்லப்பன் விளையும் இதற்குள் கைமாறியிருக்கலாம். புதிய உரிமையாளரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பில் மாற்றாதீர்கள். எல்லை அந்த நாளின் எல்லை. இன்றைய நிலையைப் புதிய பத்திரம் எழுதும்போது சேர்ப்பார்கள்.

"தோட்டுக்கு" என்பது "தோடு" என்ற சொல்லின் வடிவம். நம் பக்கத்தில் சிறிய நீரோடையைத் தோடு என்போம். தோட்டம் என்றால் "தோட்டத்துக்கு" என்று வந்திருக்கும். வேறு மாவட்டத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் இதைத் தோட்டமாக்கிவிட வாய்ப்பு உண்டு. அப்போது வடக்கு எல்லையில் புறம்போக்கு நீர்வழி ஒன்று இருக்கிறது என்ற செய்தியே மறைந்துபோகும். வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும் நாளில்தான் அது தெரியவரும். "விளை" என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். ஊர்ப்பெயரிலும் மனைப்பெயரிலும் வரும் அச்சொல்லை ஒலி மாறாமல் எழுதி, மேட்டு நிலத்தோப்பைக் குறிக்கும் உள்ளூர் வழக்கு என்று ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

அடுத்தது அளவு. லிங்க்ஸ் என்பது நில அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி. நூறு லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 0.66 அடி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். இந்த அளவில் ஓர் அழகு உண்டு: ஆயிரம் சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட். ஆகவே பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் வந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் கிழமேல் ஒருபுறம் 104, மறுபுறம் 96; சராசரி 100. தென்வடல் 80. பெருக்கினால் 8,000 சதுர லிங்க்ஸ், அதாவது 8 சென்ட். பத்திரம் சொல்லும் பரப்போடு ஒத்துப்போகிறது. சாய்வான மனைகளில் இந்தச் சராசரிக் கணக்கு துல்லியமாக வராது. ஆனாலும் பெரிய பிழையை இது காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பெரிய பிழை, லிங்க்ஸை அடியாக எழுதுவது. பல பத்திரங்களில் அலகை ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற எண்களை வெறுமனே விட்டிருப்பார்கள். சில நகல்களில் அந்த ஓரிடமும் மங்கியிருக்கும். மொழிபெயர்ப்பவர் அடி என்று ஊகித்துவிட்டால் 100-க்கு 80 அடி, அதாவது 8,000 சதுர அடி ஆகிவிடுகிறது. உண்மையில் 8 சென்ட் என்பது 66 அடிக்கு 52.8 அடி, 3,484.8 சதுர அடி. இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அண்ணன் மனத்தில் வாங்கிவைத்திருப்பார். சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பெருக்கிப் பார்த்தால் இந்தப் பிழை ஒரு நிமிடத்தில் வெளிப்படும்.

பாதையின் அகலமும் இப்படித்தான். "10 லிங்க்ஸ் பொதுப்பாதை" என்பது பத்தடிப் பாதை இல்லை, ஆறடி ஏழங்குலம்தான். கார் உரசிக்கொண்டு நுழையலாம். செங்கல் ஏற்றிய லாரி வராது. இடத்தின் விலையே பாதையைப் பொறுத்து மாறும் ஊர் நம்முடையது. ஆகவே மொழிபெயர்ப்பில் லிங்க்ஸ் என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். அடியிலும் மீட்டரிலும் குறிப்பாகக் கொடுங்கள். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு லிங்க்ஸ் என்ற சொல் நீளத்தைக் குறிப்பதாகவே தோன்றாது.

சென்டும் ஏரும் குழம்பும் இடம் பட்டா. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற இரண்டு பகுதியாக வரும். "0 - 9.50" என்று இருந்தால் சுழி ஹெக்டேர், ஒன்பதரை ஏர், அதாவது 950 சதுர மீட்டர், சுமார் 23.47 சென்ட். நடுவில் இருப்பது கழித்தல் குறி இல்லை, அதை விட்டுவிட்டு "9.50" என்று எழுதிச் சென்ட் என்று போட்டால் நிலம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பத்திரத்தில் 23 சென்ட், பட்டாவில் 23.47 சென்ட் என்ற சிறு வேறுபாடு இங்கே தெரிகிறதே, அதை நீங்கள் சமன் செய்யக் கூடாது. பத்திரத்தில் உள்ளதைப் பத்திரப்படி எழுதுங்கள். பட்டாவையும் சேர்த்து மொழிபெயர்ப்பதாக இருந்தால் பட்டாப்படி எழுதுங்கள். வேறுபாட்டைக் குறிப்பில் சுட்டினால் போதும். அளவும் எல்லையும் முரண்பட்டால், பொதுவாக எல்லைக்கே நீதிமன்றங்கள் முதலிடம் தருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் எல்லைக்கு இவ்வளவு நேரம் செலவிட்டேன்.

ஆங்கிலத்திலும் சென்ட் சென்டாகவே இருக்கட்டும். "இயற்கையாகப் படிக்க வேண்டும்" என்று அதைச் சதுர அடியாக மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அந்தத் தாளையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. பத்திரத்தின் அலகு முதலில், மாற்றிய அளவு அடைப்புக்குள். 8 சென்ட், அடைப்புக்குள் 3,484.8 சதுர அடி, 323.75 சதுர மீட்டர். கிரவுண்ட் என்ற சென்னை அளவை எங்கும் நுழைக்க வேண்டாம்.

சர்வே எண்கள் இரண்டிரண்டாக வருவதற்குக் காரணம் எளியது. பழைய சர்வே என்பது திருவிதாங்கூர் அரசின் காலத்தில் இட்ட எண். ரீசர்வே என்பது பின்னர் மறுபடி அளந்து இட்ட எண். இரண்டும் ஒரே மண்ணைக் குறிக்கின்றன. மொழிபெயர்ப்பில் "2145 அண்ட் 318/7" என்று எழுதினால் இரண்டு சொத்துகள் போலத் தோன்றும். "பழைய சர்வே 2145, அதற்கு நேரான ரீசர்வே 318/7" என்ற பொருளில் எழுதுங்கள். அதேநேரம் பழைய 2145 முழுவதும் 318/7 ஆகிவிட்டது என்று கொள்ளவும் கூடாது. ஒரு பழைய எண்ணின் நிலம் பல ரீசர்வே எண்களில் சிதறிக் கிடப்பது வழக்கம். முன்பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால், அதற்கான புதிய எண்ணை நீங்களாகப் போடாதீர்கள். இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேடு வருவாய்த் துறையிடம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

எண்ணின் வடிவத்தைத் தொடவே வேண்டாம். சாய்கோடு சாய்கோடாகவும், சிறுகோடு சிறுகோடாகவும், எண்ணோடு எழுத்து வந்தால் அந்த எழுத்தோடும் இருக்கட்டும். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் பார்க்கும்போது சர்வே எண்ணும் உட்பிரிவும் தனித்தனியே கேட்கப்படும்; அண்ணனே அங்கிருந்து தேடிப்பார்க்க விரும்பினால் உங்கள் தாளில் இருக்கும் எண்ணைத்தான் இடுவார். இடும் எண் பிசகினால் வேறு யாருடைய நிலத்தின் வில்லங்கமோ வரும், அல்லது எதுவுமே வராது. எதுவும் வராததை வில்லங்கம் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டால் அது பேராபத்து.

முன்பத்திரங்கள் 1956-க்கு முற்பட்டவையாக இருந்தால் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டோடு இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்ஙத்தில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆண்டு முடியும் வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். 1118 துலாம் 10 என்பது 1942 அக்டோபரின் கடைசி நாட்களில் வரும்; அதே 1118-இன் மீனம் 1943-இல் விழும். கொல்லம் தேதியை முதலில் எழுதி, ஆங்கிலத் தேதியை அடைப்புக்குள் கொடுங்கள். அந்தக் காலப் பத்திரங்களில் "பகுதி" என்ற சொல்லையும் கவனியுங்கள். திருவிதாங்கூர் வருவாய் வழக்கில் அது ஒரு நிர்வாகப் பிரிவின் பெயர். நிலத்தின் ஒரு பாகம் என்று எழுதிவிடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அண்ணன் ஓசிஐ அட்டைக்காரர் என்கிறீர்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அவர் இந்தியாவில் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலை கொடுத்து வாங்க முடியாது. ஆகவே பத்திரத்திலோ பட்டாவிலோ நிலத்தின் வகை என்னவென்று இருக்கிறதோ, அதை ஒரு துளியும் மாற்றாமல் எழுத வேண்டும். "புஞ்சை" என்று இருப்பதை "பிளாட்" என்று எழுதுவது மிக எளிது. தரகர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். தென்னை நின்ற இடமாக இருந்து, சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டதால் மனை என்று எல்லோரும் சொல்லலாம். ஆவணம் புஞ்சை என்றால் ஆங்கிலத்திலும் புஞ்சை என்றே ஒலிபெயர்த்து, மானாவாரி விவசாய நிலம் என்று விளக்குங்கள். வாங்கலாமா கூடாதா என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். ஆனால் அந்தக் கேள்வியே எழாதபடி மொழிபெயர்ப்பு மறைத்துவிடக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை, விற்பவரின் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். எல்லையில் வரும் அயலாரின் பெயர்களை ஒலிப்படி எழுதி, எங்கும் ஒரே எழுத்துக்கூட்டில் வையுங்கள். முத்திரை, பக்க எண், சார்பதிவாளர் சான்று ஆகியவற்றையும் விடக் கூடாது. படிக்க முடியாத இடத்தில் "படிக்க இயலவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். நகல் மங்கலாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்போடு தனியாக ஒரு தாள் இணையுங்கள். நீங்கள் வரைந்த கட்டம், திசைக்குறியோடு அதில் இருக்கட்டும். அதன் கீழே, பத்திரம் தானாகச் சொல்லாத கேள்விகளை எழுதுங்கள்: 8 சென்டுக்குத் தனி உட்பிரிவும் பட்டாவும் ஆகியிருக்கிறதா, அல்லது இன்னும் 318/7-இன் கூட்டுப் பட்டாவில்தான் இருக்கிறதா, 10 லிங்க்ஸ் பாதை இன்று தரையில் எத்தனை அடி இருக்கிறது, வடக்கே தோட்டின் கரை எங்கே முடிகிறது. சர்வேயரை அழைத்து அளக்கும் நாளில் விற்பவரும் இரண்டு பக்கத்து அயலாரும் உடன் இருக்கும்படி ஏற்பாடு செய்து, அந்தத் தாளைக் கையில் கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி, பிறகு அண்ணனுக்கு அனுப்புங்கள்.